முழுமையை விடப் பெரிய துண்டு

“தீவுப் பிள்ளையளுக்கு இணைந்த கணிதம் ஓடாது. நீர் பேசாமல் கலைப்பிரிவில போய் இரும்.”

யாழ்ப்பாண நகரத்து ரியூசன் கொட்டில் ஒன்றில், எனக்குப் பதினாறு வயதானபோது, ஒரு கணித ஆசிரியர் எல்லோர் முன்னாலும் இப்படிச் சொன்னார். நான் மண்டைதீவிலிருந்து போவேன். பஸ் பிந்தினால் நானும் பிந்துவேன். அன்றைக்கும் பிந்திப் போய், கடைசி வாங்கில் உட்காரப் போகும்போதுதான் சொன்னார். அடுத்த வகுப்புக்கு முதல் பஸ்ஸிலேயே போய் முன் வாங்கில் இருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர். படிவங்களில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை அமத்துவார். அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பார். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போய், கணிதத்தில் பட்டம் எடுத்து, ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணித ஆசிரியையாக வந்தேன். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் நடந்தது விளங்காது.

அந்தப் பெருமைக்காகவே எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பேன். தீவிலிருந்து வந்தவள் பிழைவிட்டாள் என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது. தவணைப் பரீட்சைக்குக் கேள்வி தயாரித்தால் விடையை நானே செய்து பார்ப்பேன். தொகையிட்டு வந்ததைத் திரும்ப வகையிட்டுப் பார்ப்பேன். கடைசியில் போனில் உள்ள கணிதச் செயலியிலும் போட்டுப் பார்ப்பேன். மூன்றும் ஒத்துவந்தால்தான் புள்ளித்திட்டத்தில் எழுதுவேன். ஆசிரியர் கூட்டத்தில் ஒருமுறை, “என்ர திருத்தத்தில பிழை இருந்தா எனக்குச் சொல்லுங்கோ பாப்பம்” என்று சவாலும் விட்டிருக்கிறேன். இரசாயனவியல் சேர் அப்போது, “பிள்ளை, கடவுளுக்கும் ஒரு இடம் விட்டு வையும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சைக்கு நான் போட்ட ஆறாம் கேள்வி இது: y = x³, y = x² + 2x ஆகிய இரண்டு வளையிகளுக்கும் இடையே, x = −1 இலிருந்து x = 2 வரை அடைபடும் பரப்பளவைக் காண்க.

பழைய கேள்வி ஒன்றில் பூச்சியத்திலிருந்து இரண்டு வரை மட்டுமே கேட்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் பாடமாக்கிவிடுவார்கள் என்று இடப்பக்க எல்லையை −1க்கு இழுத்தேன். எந்த வளையி மேலே என்று பார்க்க x = 1 ஐப் போட்டேன். முப்படி வளையி 1 இல் நிற்கிறது, பரவளைவு 3 இல் நிற்கிறது. ஆகவே பரவளைவு மேலே. மேலிருப்பதில் கீழிருப்பதைக் கழித்துத் தொகையிட்டேன். விடை 9/4. திரும்ப வகையிட்டேன், சரி. போனில் போட்டேன், 2.25 என்று காட்டியது. அதுவும் சரி. கேள்வியையும் விடையையும் படம் எடுத்து, தீவகத்துக் கணித ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு என்று எல்லாப் பக்கமும் இருந்து பெருவிரல் உயர்த்திய படங்கள் வந்தன. ஒருவர் “நல்ல கேள்வி” என்று எழுதியிருந்தார்.

என் வகுப்பில் ஏழு பேர். ஆறு பேரும் 9/4 என்றே எழுதியிருந்தார்கள். திருத்தும்போது சந்தோசமாக இருந்தது. படிப்பித்தது ஏறியிருக்கிறது என்று நினைத்தேன். ஏழாவது ஆள் ஒரு பெண் பிள்ளை. அல்லைப்பிட்டி. தகப்பனும் என் அப்பாவைப் போலக் கடல்தொழில். அவள் மட்டும் 37/12 என்று எழுதியிருந்தாள். எல்லையை நடுவில் பிரித்து, இரண்டு துண்டாகத் தொகையிட்டுக் கூட்டியிருந்தாள். சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்து, “தேவையில்லாத பிரிப்பு. வகுப்பில் கவனிக்கவும்” என்று எழுதிப் பதினைந்துக்கு நான்கு போட்டேன்.

அவளுடைய மொத்தம் முப்பத்தொன்று ஆனது. எங்கள் பாடசாலையில் ஒரு வழக்கம். முதல் இரண்டு தவணையிலும் நாற்பதுக்குக் குறைந்த பிள்ளையை அதிபர் கூப்பிட்டு, பெற்றோரோடு கதைத்து, கலைப்பிரிவுக்கு மாற்றிவிடுவார். முதல் தவணையும் அவளுக்கு நாற்பதைத் தொடவில்லை. இது இரண்டாவது.

இரண்டு கிழமை கழித்து, இடைவேளை நேரத்தில் அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் பிரிவு மாற்றும் படிவம். தகப்பன் கையெழுத்து வைத்திருந்தார். பாட ஆசிரியர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதிபர் அன்று பின்னேரமே பட்டியலை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப இருந்தார்.

“ரீச்சர், இதில ஒரு கையெழுத்து வேணும்.”

பேனையை எடுத்தேன். அவள் படிவத்தை விடவில்லை.

“அதுக்கு முதல் ஒண்டு கேக்கலாமோ? ஆறாம் கேள்வியில எனக்கு எங்க பிழைச்சதெண்டு விளங்கேல்ல. அது விளங்கினா நான் போயிடுவன்.”

“அதுதான் எழுதியிருக்கிறனே. பிரிக்கத் தேவையில்லை. மேலால இருக்கிறதில கீழால இருக்கிறதைக் கழிச்சா ஒரே தரத்தில வரும். இதைப் படிப்பிச்ச அண்டைக்கு நீர் வகுப்புக்கு வரேல்லையோ?”

“வரேல்ல ரீச்சர். தங்கச்சிக்குக் காய்ச்சல். ஆசுப்பத்திரியில நிண்டனான்.”

“அப்ப ஆரிட்டையாவது கொப்பி வாங்கிப் பார்த்திருக்கலாமே.”

“பார்த்தனான். எண்டாலும் கீறிப் பார்த்தா வேற மாதிரி வருது.”

அவள் ஒரு வரைபுத்தாளை விரித்தாள். ஓர் அலகுக்கு இரண்டு சென்ரிமீற்றர் என்று எடுத்து, இரண்டு வளையிகளையும் பென்சிலால் கீறியிருந்தாள். இரண்டு தரம் அழித்துக் கீறிய அடையாளம் இருந்தது. நான் பார்க்காமலே தொடங்கிவிட்டேன். ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் தொகையீட்டை எழுதி, எல்லைகளைப் போட்டு, 9/4 என்று அடிக்கோடு இட்டு, திரும்ப வகையிட்டும் காட்டினேன்.

“பாரும். வகையிட்டா தொடங்கின இடத்துக்கு வருது. இதில என்ன பிழை?”

“ஒரு பிழையும் இல்லை ரீச்சர்.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “அப்ப வலப்பக்கத் துண்டை மட்டும் ஒருக்காச் செய்து காட்டுறியளோ? பூச்சியத்தில இருந்து ரெண்டு வரைக்கும்.”

செய்தேன். 8/3 வந்தது. பழைய கேள்வியின் விடை அதுதானே, எனக்கே மனப்பாடம்.

“8/3 எண்டா ரெண்டே முக்காலுக்குக் கிட்ட. முழுசு எவ்வளவு எண்டியள்?”

“9/4.”

“அது ரெண்டே கால்.”

இவ்வளவுதான் சொன்னாள். அவளுடைய குரலில் வெற்றி எதுவும் இல்லை. உண்மையிலேயே தனக்கு விளங்காத ஒன்றைக் கேட்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

நான் இரண்டு எண்களையும் பார்த்தேன். ரொட்டியில் ஒரு துண்டு முழு ரொட்டியை விடப் பெரிதாக இருக்கிறது. முதலில் எனக்கு வந்தது கோபம். 8/3 இல்தான் எங்கேயோ கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். திரும்பச் செய்தேன். 8/3. முழுவதையும் திரும்பச் செய்தேன். 9/4. இரண்டும் சரி, ஆனால் இரண்டும் ஒரே படத்தில் ஒன்றாக நிற்க ஏலாது. இரசாயனவியல் சேர் பக்கத்து மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு யாரோடோ கதைத்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதைப்பது போலக் கேட்டது.

அப்போதுதான் அவள் கீறிய படத்தை முதல் தடவையாகப் பார்த்தேன்.

பூச்சியத்துக்கு வலப்பக்கம் பரவளைவு மேலே இருந்தது. பூச்சியத்தில் இரண்டும் வெட்டிக்கொண்டன. இடப்பக்கம் முப்படி வளையி மேலே வந்துவிட்டது. எந்த வளையி மேலே என்று பார்க்க நான் ஒரேயொரு புள்ளியைப் போட்டேன், x = 1. இடப்பக்கம் ஒரு புள்ளியைப் போட்டுப் பார்க்கவே இல்லை. இப்போது போட்டேன், x = −1/2. பரவளைவு −3/4. முப்படி −1/8. இரண்டும் அச்சுக்குக் கீழேதான், ஆனால் மேலே நிற்பது முப்படி. கழித்தால் பூச்சியத்துக்குக் கீழே, மறை எண் வரும். இடப்பக்கத்துச் சின்னத் துண்டு 5/12. நான் அதை வலப்பக்கத்தோடு கூட்டவில்லை. என் தொகையீடு அதைக் கழித்துவிட்டது. 8/3 இல் 5/12 போக 9/4. 8/3 உம் 5/12 உம் சேர 37/12.

வகையிட்டுப் பார்த்தபோது ஏன் பிடிபடவில்லை என்று அந்த இடத்திலேயே விளங்கியது. நான் தொகையிட்டது சரி. தொகையிட வேண்டியது அதுவல்ல. போனும் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கழித்தலை அது சரியாகத் தொகையிட்டுத் தந்தது. பரப்பளவு எவ்வளவு என்று நான் அதனிடம் கேட்கவே இல்லை. மூன்று தரம் சரிபார்த்தேன் என்று பெருமைப்பட்டேனே, மூன்று தரமும் ஒரே பிழையை ஒரே பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

“நீர் இதை எப்பிடிச் சரிபார்த்தீர்?” என்று கேட்டேன்.

“சதுரத்தை எண்ணினனான் ரீச்சர். ஒரு அலகுச் சதுரத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்ச் சதுரம் நாலு. உங்கட விடை சரியெண்டா ஒன்பது சதுரம் வர வேணும். எனக்குப் பன்னிரண்டுக்கு மேல வந்துது. வலப்பக்கமே பத்தைத் தாண்டீட்டுது. நான் எண்ணினதுதான் பிழையாக்கும் எண்டு ரெண்டு நாள் எண்ணினனான்.”

37/12 ஐ நாலால் பெருக்கினால் பன்னிரண்டும் மூன்றில் ஒன்றும். எண்ணும்போது அவள் வைத்த பென்சில் புள்ளிகள் தாள் முழுவதும் மணல் கொட்டியது போல இருந்தன. இந்தப் பிள்ளை தன் கண்ணையும் கையையும் சந்தேகித்துக்கொண்டு இரண்டு நாள் சதுரம் எண்ணியிருக்கிறாள். என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. வகுப்பில் நான் பிழையாகச் சொல்லிக்கொடுத்த நாளில் அவள் ஆசுப்பத்திரியில் நின்றாள். அதனால்தான் அவள் ஒருத்தி தப்பினாள். வந்திருந்தால் அவளும் 9/4 எழுதிப் பதினைந்தும் எடுத்து, கணிதப் பிரிவிலேயே இருந்திருப்பாள். படிவத்தில் ‘கலைப்பிரிவு’ என்று அவளுடைய வட்ட எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். ரியூசன் கொட்டிலில் அந்த மனிதர் எனக்கு வாயால் சொன்னதை, நான் இவளுக்குச் சிவப்புப் பேனையால் சொல்லியிருக்கிறேன்.

“பிழை என்னில” என்றேன். “உம்முடையது சரி.”

அவள் சந்தோசப்படவில்லை. பயந்துபோனாள். “அப்ப மற்ற ஆக்களின்ர?” என்று கேட்டாள்.

அந்தப் படிவத்தை அவளுடைய கையிலிருந்து வாங்கிக்கொண்டு அதிபரிடம் போனேன். அவர் பட்டியலைக் கணினியில் அடித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வரைபுத்தாளை விரித்துச் சொல்லத் தொடங்கினேன். அவர் புவியியல் படித்தவர்.

“இரும் பிள்ளை, இரும். ஆறு பிள்ளையள் ஒண்டு சொல்லுகினம். புள்ளித்திட்டமும் அதையே சொல்லுது. நீரும் உம்மட போனும் அதைத்தான் சொன்னியள். இப்ப இந்த ஒரு பிள்ளை சரியெண்டுறீரோ?”

“ஓம் சேர். ஆறு பேரும் நான் பிழையாச் சொல்லிக்குடுத்ததைத்தான் சரியா எழுதியிருக்கினம்.”

“எனக்கு இந்த எக்ஸ் எல்லாம் வேண்டாம். ஒரு சொல்லில சொல்லும்.”

நான் படத்தைக் காட்டினேன். “இந்தப் பெரிய துண்டின்ர பரப்பு ரெண்டே முக்காலுக்குக் கிட்ட. இந்தச் சின்னதையும் சேர்த்து நான் போட்ட விடை ரெண்டே கால்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்தார்.

“சரி. அந்தப் பிள்ளைக்குக் கூட்டிவிடும். நாற்பத்திரண்டு வருமெண்டா இருக்கட்டும். மற்றவையின்ர புள்ளியில கை வையாதயும். தாய் தேப்பன் வந்து நிண்டா ஆர் பதில் சொல்லுறது?”

அவர் சொன்னதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. பேசாமல் ஒரு எண்ணை மாற்றிவிட்டால் வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியாது. நான் பிழைவிட்டேன் என்பது இந்த அறைக்குள்ளேயே முடிந்துபோகும். ஒரு கணம் அதை நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் மற்ற ஆறு பேரும் அந்தப் பிழையோடு பெரிய பரீட்சைக்குப் போவார்கள். அங்கே திருத்துகிறவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது தெரியாது.

“ஏலாது சேர். அந்தக் கேள்வியை எல்லாருக்கும் திரும்ப வைக்கிறன். வேற வளையி, அதே மாதிரி நடுவில வெட்டுறது. அதின்ர புள்ளியை ஆறாம் கேள்விக்குப் போடுவம். பட்டியல் அதுவரைக்கும் நிக்கட்டும்.”

“வலயத்துக்கு நான் என்ன சொல்லுறது?”

“கணித ஆசிரியை பிழை விட்டிட்டா எண்டு சொல்லுங்கோ. நான் எழுதித் தாறன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீர்தானே அண்டைக்குக் கூட்டத்தில...” என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை இழுத்து என் பக்கம் வைத்தார். அங்கேயே நின்று எழுதினேன். கையெழுத்து வைக்கும்போது பேனை தாளைக் கிழித்தது. இன்னொரு தாள் கேட்டு வாங்கினேன்.

கடைசிப் பாடவேளை என் வகுப்பு. கரும்பலகையில் இரண்டு வளையிகளையும் பெரிதாகக் கீறினேன். நடுவில் வெட்டும் இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். இடப்பக்கத்தில் ஒரு புள்ளி, வலப்பக்கத்தில் ஒரு புள்ளி, இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். வகுப்பு அமைதியாகச் செய்தது. பிறகு ஒருத்தி தலையை நிமிர்த்தினாள். அவள்தான் அல்லைப்பிட்டிப் பிள்ளையோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். அவளுக்கு நாற்பத்துமூன்று. அதில் பதினைந்து இந்தக் கேள்விக்கு.

“ரீச்சர், அப்ப எங்கட விடை?”

“பிழை.”

“நீங்கள் படிப்பிச்சதைத்தானே நாங்கள் எழுதினம்!”

“ஓம். அதுதான் பிழை. உங்களில ஒண்டுமில்லை, என்னில. அடுத்த கிழமை இதே மாதிரி ஒரு கணக்குத் தருவன். அதில எடுக்கிறதுதான் உங்கட புள்ளி.”

பின்னாலிருந்து ஒரு குரல், “ரீச்சருக்கும் பூச்சியமோ?” என்றது. இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். “எனக்கு மறை எண்” என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நாற்பத்துமூன்று எடுத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு நேராக அல்லைப்பிட்டிப் பிள்ளையின் மேசைக்குப் போனாள். சண்டைக்குத்தான் போகிறாள் என்று நினைத்து நான் எழும்பினேன். அவள் கொப்பியை மேசையில் போட்டு, “எப்பிடிக் கீறினனீ எண்டு காட்டடி. பஸ் வாறதுக்கு முதல்” என்றாள்.

திரும்ப வைத்த கணக்கில் ஐந்து பேருக்கு முழுப்புள்ளி. பஸ்ஸில் வருகிறவள் ஒரு குறியைத் தவறவிட்டுப் பன்னிரண்டு எடுத்தாள். மொத்தம் நாற்பதில் நின்றாள். ஒருவன் ஒன்பது எடுத்தான். அவனுக்கு மற்றக் கேள்விகளில் மிச்சம் இருந்ததால் பாதிக்கவில்லை. அல்லைப்பிட்டிப் பிள்ளைக்குப் பதினைந்து. மொத்தம் நாற்பத்திரண்டு. அதிபர் பட்டியலைத் திருத்தி அனுப்பினார். என் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார். அவளுடைய படிவம் கையெழுத்தில்லாமல் என் அலுமாரியில் கிடக்கிறது. அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

இவ்வளவும் முடிந்தது என்று நினைத்த அன்று, பஸ்ஸில் அல்லைப்பிட்டி தாண்டி வரும்போது, போனை எடுத்து வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். வேறு எதையோ தேடினேன். மேலே தள்ளிக்கொண்டு போனபோது என் கேள்வி வந்தது. கீழே என் கையெழுத்தில் 9/4. அதற்குக் கீழே வரிசையாகப் பெருவிரல்கள். “நல்ல கேள்வி” என்ற வரி. அதன் கீழே இரண்டு பேர், “எங்கட பிள்ளையளுக்கும் இதையே குடுக்கிறம்” என்று எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு வரியையும் நான் முன்பே வாசித்திருக்கிறேன். வாசித்துச் சந்தோசப்பட்டிருக்கிறேன். ஒருவர்கூடப் படம் கீறிப் பார்க்கவில்லை. என்னை நம்பினார்கள். நான் போனை நம்பினேன்.

ஒரு புள்ளித்திட்டம் நான்கு தீவுக்குப் போயிருக்கிறது. நெடுந்தீவில் ஒரு பிள்ளை 37/12 என்று எழுதி, சிவப்புக் கோடு வாங்கி, தன் எண்ணலைத் தானே சந்தேகித்துக்கொண்டு இருக்கலாம். அவளுக்கு வரைபுத்தாளோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்கும் துணிவு இருக்குமோ தெரியாது.

பஸ் பாலத்தில் ஏறியது. பக்கத்தில் இருந்த அக்கா மீன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “என்ன பிள்ளை, முகம் வெளிறிப் போச்சு? பஸ் ஒத்துக்கேல்லையோ, சத்தி வருதோ?” என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். அல்லைப்பிட்டிப் பிள்ளை கீறிய படத்தை அவளுடைய சம்மதத்தோடு எடுத்து வைத்திருந்தேன். அதைப் போட்டேன். கீழே எழுதினேன்: “நான் அனுப்பிய ஆறாம் கேள்வியின் விடை பிழை. x = 0 இல் வளையிகள் வெட்டுகின்றன, அங்கே குறி மாறுகிறது. சரியான விடை 37/12. என் மாணவி ஒருத்தி கண்டுபிடித்தாள். இந்தக் கேள்வியைக் கொடுத்தவர்கள் தயவுசெய்து விடைத்தாள்களைத் திரும்ப எடுங்கள். பிரித்துச் செய்த பிள்ளைகளை முதலில் பாருங்கள்.” கீழே என் முழுப் பெயரையும் பாடசாலையையும் போட்டேன். இரண்டாம் தரம் வாசித்தால் மனம் மாறிவிடுமோ என்று பயந்து, வாசிக்காமலே அனுப்பினேன்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேள்வியைக் கொடுப்பதாக எழுதிய இருவரில் ஒருவர் நெடுந்தீவில் படிப்பிக்கிறவர். மண்டைதீவுச் சந்தியில் இறங்கியதும் அவருக்கு அழைத்தேன். அவர் எடுத்து, “ஓம், சொல்லுங்கோ” என்றார். “உங்கட வகுப்பில ஆராவது 37/12 எண்டு எழுதினவையோ?” என்று கேட்டேன்.